டிஸ்க் போடுற எடிஷன்

சிங்கப்பூரிலிருந்து சிந்துஜா கேட்டது சின்ன விஷயம். அதற்குப் பதில் எழுதக் கலையரசன் எடுத்துக்கொண்ட நேரத்தில் நாலு மொபைலுக்கு டிஸ்ப்ளே மாற்றியிருக்கலாம். செங்கம் ரோட்டில் அவனுடைய சர்வீஸ் கடைக்கு அன்றைக்கு வந்த ஆளே நாலு பேர்தான் என்பது வேறு கதை.

சிந்துஜா அவன் தங்கச்சி கீர்த்தனாவுக்கு நாத்தனார். கீர்த்தனாவின் பையன் இனியனுக்கு அத்தை. ராத்திரி பிளைட் ஏறி நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குகிறாள். நாளைக்குத்தான் இனியனுக்குப் பன்னிரண்டு முடிகிறது. "பிஎஸ்5 கேம் மிஷின் வாங்கித் தரேன்னு வாக்கு குடுத்துட்டேன் மாமா. கடையில ரெண்டு மூணு தினுசு இருக்குதாம். உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். எந்த மாடல், எந்த கேம்னு சீட்டு மாதிரி எழுதி அனுப்புங்க. நான் அப்படியே கடைக்காரன்கிட்ட நீட்டிடுறேன்" என்று காலையிலேயே வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள்.

அவனுக்குத் தெரியும். முப்பத்தொன்பது வயதில், கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லாமல், கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் ஒரு பழைய பிஎஸ்4-ஐயும் பதினாலு டிஸ்க்கையும் வைத்துக் குடும்பம் நடத்துகிறவனுக்கு இதுகூடத் தெரியவில்லை என்றால் அப்புறம் என்ன இருக்கிறது. ஞாயிறு பத்து மணிக்கு அடி அண்ணாமலையிலிருந்து இனியன் சைக்கிளில் வருவான். சாயங்காலம் வரைக்கும் ஆடுவார்கள். மாமன் தோற்பான். தோற்றதற்குக் காரணமாகக் கரண்ட்டையும் கன்ட்ரோலரையும் திட்டுவான். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த ஏழாவது நாளுக்காகக் கடை திறக்கிற மாதிரி இருக்கும் அவனுக்கு. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பெண் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சொந்தமாகப் புது மிஷின் வீட்டிலேயே வந்துவிட்டால் பையன் எதற்கு வெயிலில் சைக்கிள் மிதிக்கப் போகிறான்?

ஆகவே கலையரசன் இப்படி எழுதினான்: "பிஎஸ்5-ல டிஜிட்டல் எடிஷன் வாங்கும்மா. வெயிட் கம்மி, விலையும் கம்மி. கேம் எதுவும் வாங்க வேணாம், நெட்லயே இறக்கிக்கலாம்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அதன் அழகு. டிஜிட்டல் எடிஷனில் டிஸ்க் போட வழி கிடையாது, எல்லாம் நெட்டில்தான் இறங்க வேண்டும். கீர்த்தனா வீட்டில் இருக்கிற நெட்டோ அவள் போனில் வருகிற, ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. ஒரு கேம் ஐம்பது ஜிபிக்குக் குறையாது. மிஷின் ஷோகேஸில் உட்காரும், பையன் மாமன் கடையில் உட்காருவான். அனுப்பிவிட்டான். உடனே ரெண்டு நீல டிக் விழுந்தது. கட்டை விரலும் வந்தது.

அரை மணி நேரம் கழித்துக் கீர்த்தனா போன் செய்தாள். அத்தை வாங்கி வரப்போவது பையனுக்குத் தெரிந்துவிட்டதாம். "கேம் எதுவும் வாங்கக் கூடாதுன்னு அடம் பிடிக்கிறான்ணா. அத்தைக்கு எதுக்கு வீண் செலவு, மாமாகிட்ட பதினாலு டிஸ்க் இருக்குது, பழைய டிஸ்க்கும் புதுசுல ஓடும்னு சொல்றான். ஓடுமா?"

ஓடும் என்றான். டிஸ்க் போடுகிற எடிஷனில் பிஎஸ்4 டிஸ்க் அநேகமாக எல்லாமே ஓடும். அவனேதான் போன மாதம் அதைப் பையனுக்கு விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தான், பெரிய வாத்தியார் மாதிரி.

போனை வைத்த பிறகு வேலை ஓடவில்லை. பிரித்துப்போட்ட மொபைலின் ஸ்க்ரூவை இரண்டு தரம் தவறான ஓட்டையில் முடுக்கினான். பையன் பெட்டியைப் பிரித்து, மிஷினை முன்னே பின்னே திருப்பி, டிஸ்க் போகிற இடுக்கை விரலால் தடவித் தேடுவது கண்ணுக்கு முன்னால் வந்து வந்து நின்றது. இடுக்கு இருக்காது. அத்தை வருத்தப்படுவாள் என்று சூப்பராக இருக்குது என்பான். அந்த சூப்பரைத்தான் தாங்க முடியாது.

"அந்தச் சீட்டு தப்பு. வாங்காத. போன் பண்ணு" என்று தட்டி அனுப்பினான். போகவில்லை. கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் நின்றது.

அன்றைக்குப் பௌர்ணமி, கிரிவலம். மதியத்துக்குள்ளேயே ஊரில் பாதி சென்னை வந்து இறங்கியிருந்தது. லட்சம் பேர் மலையை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறபோது கலையரசனின் மனசாட்சிக்கு எங்கே சிக்னல் கிடைக்கும்? கால் போட்டான், மூன்று தரம் பீப் அடித்துச் செத்தது. கடை வாசலில் நின்றான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனான். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தான். போலீஸ்காரர் ஒருவர் ஓரமாக நின்று கும்பிடச் சொன்னார்.

ஷட்டரை இழுத்துவிட்டு, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் முட்டி மோதி, வெள்ளைக்காரர்கள் உட்காருகிற கஃபே ஒன்றில் நுழைந்தான். அங்கே கேபிள் நெட். வைஃபை பாஸ்வேர்டுக்காக ஒரு இஞ்சி டீ வாங்கினான். விலையைப் பார்த்தால் இஞ்சிக்குத் தனியாக ஒரு தோட்டமே வாங்கியிருக்கலாம். இப்போது கால் போயிற்று.

சிந்துஜா எடுத்த எடுப்பில் வாங்கியாச்சு என்றாள். இன்னும் கடையில்தான் இருக்கிறாளாம், பில் போட்டு ஐந்து நிமிஷம் ஆகிறதாம்.

"கடைக்காரன் டிஸ்க் போடுறதைத்தான் வாங்கச் சொன்னான் மாமா. நெட் இல்லாத வீட்டுக்கு இது ஆகாதுன்னான். எங்க மாமா மொபைல் கடை வெச்சிருக்காரு, உன்னவிட அவருக்குத் தெரியும்னு சொல்லி வாயை அடைச்சுட்டேன்."

கலையரசன் டீயை அப்படியே கீழே வைத்தான். பெட்டி பிரிக்கவில்லையே என்று கேட்டான். பிரிக்கவில்லை. அப்படியானால் திரும்பப் போய், மேற்கொண்டு காசு கட்டி, டிஸ்க் உள்ளதாக மாற்றிக்கொள் என்றான். மாற்ற மாட்டேன் என்று கடைக்காரன் சொன்னால், டிஸ்க் டிரைவ் மட்டும் தனியாக விற்கிறது, அதை வாங்கு. பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளலாம், முதல் தடவை மாட்டும்போது மட்டும் நெட் வேண்டும், என் போன்லயே தரேன்.

"அப்போ ஏன் மாமா டிஜிட்டல்னு எழுதினீங்க?"

வெயிட் என்று ஆரம்பித்தான். விலை என்றான். பக்கத்து மேசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"பையன் ஞாயித்துக்கிழமை வரமாட்டானேன்னு" என்றான்.

சிந்துஜா இதைக் கீர்த்தனாவிடம் சொல்வாள், கீர்த்தனாவின் வீட்டுக்காரர் தருமன் மச்சானிடம் சொல்வாள், தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிச் சிரிப்பார்கள் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க அவன் வீட்டுக்குப் போங்களேன் மாமா. வண்டி இருக்குதில்ல? கடையிலேர்ந்து அஞ்சு கிலோமீட்டர்கூட வராது."

பத்து வருஷமாக அந்த ரோடு அவனுக்கு ஒருவழிப் பாதையாகவே தோன்றியிருந்தது. ஏனென்று இப்போது யோசித்தும் பிடிபடவில்லை.

"இருங்க, கடைக்காரன்கிட்ட போறேன். நீங்களே சொல்லிடுங்க, என்னால மறுபடியும் அவன் மூஞ்சில முழிக்க முடியாது" என்று சிந்துஜா போனை நீட்டிவிட்டாள். கலையரசன் எழுந்து நின்று, ஐயாம் த மாமா, மை மிஸ்டேக் என்று தொடங்கினான். கஃபே முழுக்க அமைதியாகக் கேட்டது. மறுமுனையில் அந்த ஆள் சிரிக்காமல் ஓகே சார் என்றார். மாற்றித் தருவாராம்.

பிறகு கேம். கால்பந்து, எஃப்சி 26. ஒரே டிவியில் ரெண்டு பேர் நேருக்கு நேர் ஆடலாம், அதற்கு நெட் தேவையில்லை. பெட்டியில் மேல் பட்டை வெள்ளையாக இருக்கணும், நீலமென்றால் அது பிஎஸ்4. ஸ்டாண்டர்ட் போதும், கூடவே நெட்டில் அடிக்கிற கூப்பன் நம்பர் வருகிற பெரிய எடிஷன் வேணாம், அந்த நம்பர் அந்த ஊர் அக்கவுண்ட்டில்தான் வேலை செய்யும். மிஷின் பிளக் நம்ம ஊருக்குச் சேராது, வயர் இங்கேயே கிடைக்கும்.

"பெட்டியில கன்ட்ரோலர் ஒண்ணுதான் இருக்குன்றான். ரெண்டு பேர் ஆடணும்னா இன்னொண்ணு வேணுமே" என்றாள்.

என்னுடைய பழசு இருக்குது என்று சொல்ல வாயெடுத்தான். பழைய கன்ட்ரோலர் பிஎஸ்5 கேமுக்கு ஆகாது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

"அதை நான் வாங்கிட்டுப் போறேன். நாளைக்குக் காலையில."

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு" என்றான் கலையரசன்.