நாக்கில் எழுதாத பேர்கள்

பொட்டி எப்படி இருக்கணும்னு வாயால சொல்லுங்க, நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கிறேன் என்றான் பிராங்க்ளின். மரக்காணம் மெயின்ரோட்டில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை அவனுடையது. ஜோசப்பினுக்கு அக்கா மகன். உப்பளத்தில் வேலை செய்யும் ஏழு பொம்பளைகள் சேர்ந்து, பாத்தியில் மேலாக மிதக்கிற பொடி உப்பைத் தனியாக வாரி, கவரில் போட்டு, அட்டைப்பொட்டியில் வைத்து விற்கப் புறப்பட்டிருந்தார்கள். மெட்ராஸ் கடைக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் பொட்டியின் படத்தை முதலில் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் அச்சுக்குப் போகும்.

எழுவருக்கும் சேர்த்துப் பேச வந்தது ரெண்டு பேர், ஜோசப்பினும் மலர்கொடியும். ரெண்டு பேரும் ஒரே வரப்புக்கு ரெண்டு பக்கமும் எதிரும் புதிருமாக நின்று உப்பு வாருகிறவர்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி ரெண்டு பாத்தியையும் பார்ப்பாள். மலர்கொடி நாற்பது தாண்டித்தான் எழுத்துக் கற்றாள். கற்றுக்கொடுத்ததும் ஜோசப்பின்தான், மாதாகோயில் பக்கத்து ஹாலில், சாயங்கால வகுப்பில்.

மலர்கொடி மாத்திரை வந்த காலி அட்டைப்பொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, திரையிலேயே மடித்துத் திறந்து பார்க்கிற மாதிரி அவன் கம்ப்யூட்டரில் தட்டினான். நாலு சுவர். முன்சுவரில் உப்புப் படம், பேர். பக்கச் சுவர்களில் எடை, தேதி, முகவரி. பின்சுவரில் நம்ம உப்பளத்தைப் பத்தி நாலு வரி. பின்சுவரோடு ஒட்டின மூடி, மூடியின் நுனியில் உள்ளே செருகுகிற நாக்கு. பக்கச் சுவர்களின் தலையில் ரெண்டு காது, மூடி வருமுன்னே அது ரெண்டும் உள்ளே மடங்கிக்கணும். அடியிலும் அப்படியே.

"நாக்குல எங்க ஏழு பேரு பேரும் வரணும்," என்றாள் மலர்கொடி. "பொட்டியத் தொறக்கறவங்க நாக்கை இழுக்கும்போது எங்க பேரு வெளிய வரணும்."

அது அவளுக்கே தோன்றியது. பிராங்க்ளினுக்குப் பிடித்துவிட்டது. ஒரே தாளில் வெளிப்பக்கம்தானே அச்சாகிறது, நாக்கும் அந்தத் தாளில்தானே இருக்கிறது, தனியாக ஒன்றும் செய்யவேண்டாம் என்றான். ஜோசப்பினும் தலையாட்டினாள். ஏழு பேரையும் அவளே சொல்லிச்சொல்லி எழுத வைத்தாள்.

கொஞ்ச நாளில் படம் ஜோசப்பின் போனுக்கு வந்தது. மூடின பொட்டி, பச்சை நிறம், முன்சுவரும் ஒரு பக்கச் சுவரும் தெரிந்தது. பாத்தியோரம் கஞ்சி குடிக்க உட்கார்ந்த இடத்தில் எல்லோரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

நம்ம பேரு எங்கடி என்று அமராவதி கேட்டாள்.

நாக்குல இருக்குதுக்கா, மூடியிருக்கறதால தெரியல, பொட்டியத் தொறந்தாத்தான் வரும் என்றாள் மலர்கொடி. நேரில் பார்த்த மாதிரியே சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோசப்பின், கஞ்சியில் மோர்மிளகாயைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அமராவதி தன் பேரனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள், என் பேரு மெட்ராஸ்ல ஓடப்போவுதுடா என்று. மலர்கொடியும் வீட்டுக்காரரிடம் சொன்னாள். சொன்ன பிறகு, சோறு போடுகிற வரைக்கும் அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

பொட்டிப் படம் மெட்ராசிலிருந்து திரும்பி வந்துவிட்டது. இது அட்டை மாதிரி இல்லை, தகரத்தை மடித்த மாதிரி இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். மறுபடி வேலை நடக்கிறது என்று தெரிந்து, மத்தியானம் வெயிலில் பஸ் ஸ்டாண்ட் போன மலர்கொடி அப்படியே பிராங்க்ளின் கடைக்குள் நுழைந்தாள். ஜோசப்பினும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வா மலரு என்றாள். குரல் கொஞ்சம் வேகமாக வந்தது.

பிராங்க்ளின் உற்சாகமாக இருந்தான். தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டான். அட்டைக்குக் கனம் கொடுக்காமல் விட்டிருக்கிறான். கனமே இல்லாத பொட்டியில் நாக்கு முன்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டுகிறது, காதும் மூடியும் ஒன்றுக்குள் ஒன்று போய்விடுகிறது. இப்போது அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாகக் கனம் கொடுத்திருக்கிறான். மடிப்பெல்லாம் கத்தி மாதிரி இல்லாமல் லேசாக உருண்டிருக்கிறது. வெட்டின ஓரத்தில் உள்ளட்டையின் வெள்ளை ஒரு நூல் போலத் தெரிகிறது. நாக்கைச் சுவரைவிட மயிரளவு ஒடுக்கியிருக்கிறான், அப்போதுதான் அட்டை அட்டையில் உரசாமல் உள்ளே போகும்.

"பாருங்கக்கா, இப்ப தொறக்கறேன், எங்கயும் இடிக்காது."

சித்தி ஜோசப்பின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் மவுசை இழுத்துவிட்டான். திரையில் பொட்டியின் மூடி மெல்ல எழும்பியது. நாக்கு முன்சுவருக்குப் பின்னாலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, பாதி வழியில் மலர்கொடியின் முகத்துக்கு நேராக நின்றது.

வெறும் பச்சை. ஒரு எழுத்து இல்லை.

இது உள்பக்கமோ என்று கேட்டாள். உள்பக்கம் வெள்ளையா இருக்கும்க்கா, இது அச்சுப் பக்கம்தான் என்றான். மூடியை இன்னும் தூக்கி வெள்ளையையும் காட்டினான். அப்படியானால் எழுத மறந்துட்டியாப்பா என்றாள் மலர்கொடி. அவளுக்கு அந்த நிமிஷம் வரைக்கும் அவன்மேல்தான் சந்தேகம்.

பிராங்க்ளின் சித்தியைப் பார்த்தான். சித்திதான் போன் பண்ணி நாக்கைச் சும்மா விடச் சொன்னாங்க, உங்ககிட்ட சொல்லிட்டதா நினைச்சேன் என்றான். கேட்காமலேயே பொட்டியைத் திருப்பினான். பின்சுவரில் ஜோசப்பின் சிரித்துக்கொண்டு நின்றாள், கையில் உப்பு வாருகிற பலகையோடு. கீழே எழுதியிருந்ததை மலர்கொடி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மரக்காணம் ஜோசப்பின் தன் கையால் வாரிய உப்பு.

படத்தில் தெரிந்த பாத்தி மலர்கொடியுடையது. அந்தப் போட்டோவை எடுத்ததே அவள்தான். கொஞ்சம் தள்ளி நில்லுக்கா, வெயில் மூஞ்சில விழட்டும் என்று சொல்லிச்சொல்லி எடுத்தாள்.

ஜோசப்பின் நிதானமாகத்தான் பேசினாள். கடைக்காரர் ஒரு முகம், ஒரு பேர் போதும் என்றாராம். ஏழு பேர் என்றால் யாருக்கும் மனசில் நிக்காதாம். நாக்கில் போட்டால் மட்டும் யார் படிக்கப்போறாங்க, பிச்சிக் கடாசிடுவாங்க என்றாள். மடிப்பில் மை வெடித்து எழுத்து உரியும் என்றும் ஒன்று சேர்த்துக்கொண்டாள். நாக்கு நடுவுல எழுதினா வெடிக்காது சித்தி, மடிப்பு மேல வந்தாத்தான் வெடிக்கும் என்றான் பிராங்க்ளின், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே.

"அன்னிக்கி நான் அவங்ககிட்ட நாக்குல இருக்குதுன்னு சொல்லும்போது நீ பக்கத்துலதானேக்கா உக்காந்திருந்த?"

ஜோசப்பின் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "பொட்டி ஒரு தடவ போயி நிக்கட்டும் மலரு. அப்புறம் எல்லாரு பேரையும் போட்டுக்கலாம். அதுவரைக்கும் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாத. நீ சொன்னா நம்புவாங்க."

அதுதான் மலர்கொடியைக் குத்தியது. பேரை எடுத்ததைவிட, அந்தப் பொய்யை அவள் வாயாலேயே சொல்ல வைத்தது. படத்தை மெட்ராசுக்கு அனுப்பவா என்று பிராங்க்ளின் கேட்டான். உங்க சித்தி பொட்டி, அவங்களையே கேளு என்றுவிட்டு இறங்கி நடந்தாள்.

உப்பளத்துக்கு வந்ததும் கொட்டகை நிழலில் இருந்தவர்களிடம் நின்றபடியே சொன்னாள். நாக்குல நம்ம பேரு இல்ல, நான் பாக்காமலே இருக்குதுன்னு சொல்லிட்டேன், பொட்டியில ஜோசப்பின் அக்கா மட்டும்தான் இருக்குது. பூவிழி என்ற சின்னவள், பொட்டியாவது போவுதே, அது போதாதா என்றாள். அமராவதி ஜோசப்பினை ஒன்றும் கேட்கவில்லை. மலர்கொடியைத்தான் கேட்டாள். "நீ படிச்சவன்னு உன்ன அனுப்பினோம். தொறந்து பாக்காம வந்தியாடி?"



பொட்டிக்கென்று தனியாக எடுத்துவைத்த பொடி உப்பு மலர்கொடியின் கூடையில் இருந்தது. தூக்கிக்கொண்டு போய், லாரிக்குப் போகிற பெரிய குவியலின் மேல் கொட்டினாள். நல்ல உப்பும் மண்ணு கலந்த உப்பும் ஒன்றாகிவிட்டது. இன்னும் ஒருத்தி தன் கூடையையும் கொண்டுவந்து கவிழ்த்தாள். மற்றவர்கள் தங்கள் கூடைகளை ஜோசப்பின் வருகிற வரைக்கும் கீற்று போட்டு மூடிவைத்தார்கள், அமராவதியும்தான்.

மலர்கொடி வாருபலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். வரப்புக்கு அந்தப் பக்கம் எப்போதும்போல ஜோசப்பின் வந்து நின்றபோது, மலர்கொடி பலகையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள்.