இவ்வளவு சுலபமா விடமாட்டீங்களே

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டன் என்று பெயர். வீட்டிலிருந்தே உடற்பயிற்சி செய்யச் சொல்லித் தரும் அந்தச் செயலியில், எந்தப் பட்டனில் என்ன வார்த்தை வர வேண்டும் என்று எழுதுவதுதான் அவள் வேலை.

சந்தாவை ரத்து செய்யும் பக்கத்தையும் அவள்தான் எழுதியிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்த வருடத்தின் சிறந்த யோசனை என்று கைதட்டல் வேறு வாங்கிய பக்கம் அது. ரத்து செய்ய வந்தவர் ஐந்து திரைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் "தொடர்கிறேன்" என்பது பச்சைப் பசேலென்று அகலமாக நிற்கும். கீழே, எறும்பு அளவு சாம்பல் எழுத்தில், "வேண்டாம், நான் சோம்பேறியாகவே இருந்துகொள்கிறேன்" என்று இருக்கும். போக நினைப்பவர் அதைத்தான் அழுத்த வேண்டும். ஐந்தாவது திரையில் மனசு கேட்காமல் பச்சையை அழுத்திவிட்டால், மறுபடி முதலிலிருந்து.

அந்தப் பெருமை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் கரைந்தது. மூட்டு ஆபரேஷன் ஆன மாமியார், இனிமேல் குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அதே செயலிக்குக் கட்டிவந்த சந்தாவை நிறுத்தப் பார்த்திருக்கிறார்.

"அறுபத்தெட்டு வயசுல என்னைச் சோம்பேறினு என் கையாலயே ஒத்துக்கச் சொல்றான். எந்தக் கட்டையில போறவன் எழுதினானோ" என்றார் மாமியார்.

கணவனுக்குப் புரையேறியது. பட்டன் அவன் தலையில் தட்டினாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

திங்கட்கிழமையே முதலாளி அறைக்குள் போய், பக்கத்தை மாற்றி எழுத வேண்டும் என்று நின்றாள். அவளுக்குத் துணையாக வந்தவள் ஹெட்செட் அக்கா. வாடிக்கையாளர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசும் பிரிவுக்குத் தலைவி. எப்படி ரத்து செய்வது என்று கேட்டு வரும் அழைப்புகளில் தன் பெண்களுக்குத் தொண்டை கட்டிப் போகிறது என்று ஒரே போடாகப் போட்டாள்.

எதிர்த்தவர் கிராஃப். சந்தாதாரர் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டுவது அவர் பொறுப்பு. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அதைக் கோடு போட்டுப் பார்க்கிற ஆள் என்று கேலி உண்டு. கெட்ட மனிதர் இல்லை. கோடு கீழே இறங்கினால் அவர் முகமும் சேர்ந்து இறங்கும், அவ்வளவுதான்.

முதலாளி நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னார். இரண்டு வாரச் சோதனை. ரத்து செய்ய வருபவர்களில் பாதிப்பேருக்குப் பழைய பக்கம், பாதிப்பேருக்குப் புதியது. ரத்து சம்பந்தமான அழைப்புகள் புதிய பக்கத்தில் குறைந்தால் அது எல்லோருக்கும் போகும். குறையாவிட்டால் பழையதே நிரந்தரம், அதைப் பற்றி இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கிராஃப் அதை அப்படியே மின்னஞ்சலில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவைத்தார்.

பட்டன் உட்கார்ந்து செதுக்கினாள். ஐந்து திரை ஒன்றானது. "சந்தாவை ரத்து செய்", "சந்தாவைத் தொடர்" என்று இரண்டு பட்டன், ஒரே அளவு, ஒரே அழுத்தம். ரத்து செய்தால், "முடிந்தது, நன்றி" என்று இரண்டே வார்த்தை வரும். அந்த இரண்டு வார்த்தையை அவள் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினாள். இதற்கு மேல் யாராலும் சுருக்க முடியாது என்று மார்தட்டினாள்.

முதல் வார முடிவில் கிராஃப் அவள் மேஜைக்கே வந்தார். பழைய பக்கம் பார்த்தவர்களிடமிருந்து தொண்ணூறு அழைப்பு. புதிய பக்கம் பார்த்தவர்களிடமிருந்து நூற்று முப்பது.

"என்னம்மா, தெளிவாக்கினதுல இன்னும் குழம்பிட்டாங்க போலிருக்கே" என்றார்.

பட்டன் கணக்கை மறுபடி கூட்டிப் பார்த்தாள். சுலபமான பக்கத்தில் எவன் எங்கே முட்டிக்கொண்டான்? திரையை முன்னும் பின்னும் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அக்காவின் பிரிவுக்கு இறங்கிப் போய், காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அழைப்புகளைக் கேட்க ஆரம்பித்தாள்.

மூன்றாவது அழைப்பு ஒரு தையல்காரருடையது. பின்னணியில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ரத்து பண்ணணும்" என்றார்.

அக்கா கணினியில் பார்த்துவிட்டு, அவர் சந்தா நேற்றே ரத்தாகிவிட்டதே என்றாள்.

"அதான் சந்தேகம். ஒரு தடவ அழுத்தினேன், முடிந்தது நன்றின்னு வந்துடுச்சு. இவ்வளவு சுலபமா விடமாட்டீங்களே. என்ன முடிஞ்சுது, எதுக்கு நன்றி? பணம் கட்டி முடிஞ்சுதுன்னு எடுத்துக்கிட்டீங்களா?"

மிஷின் நின்றுவிட்டது. மனிதர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

அடுத்தடுத்த அழைப்புகளும் அதே ராகம்தான். ரத்து செய்ய முடியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ரத்தானதை நம்ப முடியவில்லை என்றார்கள். ஒரு பெண்மணி சந்தேகம் தீர மறுபடி சந்தா கட்டி, மறுபடி ரத்து செய்து பார்த்திருந்தாள். இரண்டு வருடமாக ஊரை ஏமாற்றிய பழைய பக்கம், கம்பெனியின் பேரையே கெடுத்து வைத்திருந்தது. அதன் மேல் இவள் இரண்டே வார்த்தையை வைத்துவிட்டு மார்தட்டியிருக்கிறாள்.

"நீ மிச்சம் பிடிச்ச வார்த்தையை நாங்க பேசித் தீர்க்கிறோம்" என்றாள் அக்கா, கோபமில்லாமல்.

பட்டன் படியேறிப் போய்க் கடைசித் திரையைத் திருப்பி எழுதினாள். சந்தா ரத்தாகிவிட்டது, இன்ன தேதிவரை பயிற்சிகளைப் பார்க்கலாம், அதன்பின் உங்கள் கார்டிலிருந்து பணம் எடுக்க மாட்டோம், இதே விவரம் உங்கள் மின்னஞ்சலுக்கும் வந்திருக்கிறது, திரும்பி வர நினைத்தால் வழி இது. செயலியில் அவரவர் கணக்கைத் திறந்தாலும், சந்தா என்ற இடத்தில் ரத்தானது என்று தேதியோடு தெரியும்படி செய்யச் சொன்னாள்.

ஆனால் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் பக்கத்தை மாற்றினால் கணக்கு கலந்துவிடும், அது அழுகுணி ஆட்டம் என்றார் கிராஃப். அவர் சொன்னது சரிதான். பட்டன் அதை ஒப்புக்கொண்டு, முதலிலிருந்து இரண்டு வாரம் ஆரம்பிக்கலாம் என்றாள். தப்பு தன்னுடையது என்று முதலாளியிடமும் சொன்னாள். ஒரே ஒரு தடவை என்று விரலைக் காட்டினார் முதலாளி.

அந்த இரண்டு வாரமும் அவள் கண்ணாடியில் முகம் பார்த்தாளா என்பதே சந்தேகம். கணவன் பேசியதற்கெல்லாம் "ம்" என்றாள். அந்த ம்-களை நம்பி அவன் ஒரு புது டிவி வாங்கிவிட்டான்.

முடிவு வந்தது. வாரத்துக்குப் பழைய பக்கத்தில் தொண்ணூற்றிரண்டு அழைப்பு, புதியதில் பதினான்கு.

கிராஃப் தொண்டையைச் செருமினார். ரத்து செய்தவர்கள் எண்ணிக்கை புதிய பக்கத்தில் கூடியிருக்கிறது என்று கோட்டைக் காட்டினார். பட்டன் அதை மறுக்கவில்லை. கூடத்தான் செய்யும், கதவைத் திறந்திருக்கிறோம் என்றாள்.

அக்காதான் பேசினாள். "அவங்க இத்தனை நாளும் கிளம்பினவங்கதான் சார். வாசல்ல நின்னு என் காதுல கத்திக்கிட்டிருந்தாங்க. உங்க கோட்டுல அதுக்கு இடமில்ல."

முதலாளி கிராஃப் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து படித்தார். அதில் அழைப்புகள் என்றுதான் இருந்தது. புதிய பக்கம் எல்லோருக்கும் போகட்டும் என்றார். கிராஃப் வாதாடவில்லை. வெளியே வந்ததும், விட்டுப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று புதிதாக ஒரு கோடு போட வேண்டும், அவர்களைத் திரும்ப அழைக்கும் திரையை நீயே எழுதிக்கொடு என்று பட்டனிடம் கேட்டார். எழுதுகிறேன், ஆனால் கெஞ்ச மாட்டேன் என்றாள் அவள்.

பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து, தான் எழுதிய பழைய வரிகள் சேமித்திருந்த கோப்பைத் தேடி எடுத்து, நீக்கு என்பதை அழுத்தினாள். இந்தக் கோப்பை நிரந்தரமாக நீக்கவா, திரும்பப் பெற முடியாது என்று கணினி கேட்டது. கீழே இரண்டு பட்டன். "நீக்கு", "வைத்திரு". இரண்டும் ஒரே அளவு.

அவள் இரண்டையும் விரலால் அளந்து பார்த்தாள்.

"யாரோ நல்லா எழுதியிருக்காங்க" என்றாள், பக்கத்து மேஜைக்கும் கேட்கும்படி. பிறகு நீக்கினாள்.