குறைவாகப் பிடித்த சம்பளம்

விஸ்கான்சின் காகித ஆலையில் முப்பத்தோரு வருடம் சம்பளப் பிரிவில் இருந்தேன். என் ஜன்னலுக்கு வந்தவர்களில் ஒன்பது லட்சம் பேராவது பிடித்தம் அதிகம் என்று சண்டைக்கு வந்தவர்கள். ஆலையில் வேலை பார்த்ததே எழுநூறு பேர்தான் என்பது வேறு விஷயம். குறைவாகப் பிடித்துவிட்டீர்கள் என்று வந்து நின்றவர் லைல் ஸ்வோபோடா ஒருவர்தான்.

பேசிய வார்த்தை தரையில் விழுந்து உடைகிற ஜனவரிக் குளிர் அது. புது வருடத்தின் முதல் சம்பளச் சீட்டில் மருத்துவக் காப்பீட்டுக்கு அறுபத்தோரு டாலர்தான் பிடித்திருந்தது. மனைவி டார்லாவையும் சேர்த்தால் இருநூற்றுப் பதினாலு ஆகும். வாயை மூடிக்கொண்டு மிஞ்சிய பணத்தில் பியர் வாங்கித் தரும்படி, காகிதம் சுருட்டும் ரோல் பிரிவு ஆட்கள் கேலி செய்தார்களாம். லைல் சிரிக்கவில்லை. டார்லாவுக்குப் புற்றுநோய், இரண்டு வாரத்துக்கொருமுறை மருந்து ஏற்ற வேண்டும்.

கையால் எழுதிய விண்ணப்பத்தோடு சம்பளச் சீட்டின் நகலை வைத்திருந்தார். நவம்பரில் காப்பீட்டைத் தேர்ந்தெடுத்தபோது வந்த உறுதிச் சீட்டு இல்லை. விதிப்படி திருப்பிக் கொடுத்தேன்.

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்காதா?"

"எங்ககிட்ட நீங்க ஒருத்தர்னுதான் வந்திருக்கு, லைல். அந்தத் தாள எடுத்துட்டு வாங்க."

யார் யாருக்குக் காப்பீடு என்று பதிவு செய்து எங்களுக்கு அனுப்பும் வெளி நிறுவனத்துக்கு நான் ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். அன்றைக்கு எனக்கு நாலாயிரம் வேலை. சரி, நாலு.

அந்தத் தாளை அவர் பிப்ரவரி கடைசியில்தான் கண்டெடுத்தார். டார்லா அதை வருமான வரி உறையில் போட்டு வைத்திருந்தாள். இரண்டு பெயர்களும், தேதியும், உறுதி எண்ணும் அதில் இருந்தன. ஸ்கேன் செய்து அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். அவர்களிடமிருந்து வந்த கோப்பில்தான் டார்லா விடுபட்டிருந்தாள். ஆறே நாளில் ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்தே காப்பீடு செல்லும் என்று பதில் வந்தது. விடுபட்ட நான்கு பிடித்தங்களுக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும். தவணையாகப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"ஒரேயடியா எடுத்துக்குங்க."

பிறகு, பழுதான ஹீட்டரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்: "அந்த நாலு தடவையும் அவ மருந்து ஏத்திக்கல. காப்பீடு இல்லன்னு ஆஸ்பத்திரி கவுன்டர்ல எட்டாயிரம் கேட்டாங்க. எங்கிட்ட சொல்லாம வீட்டுக்குத் திரும்பிட்டா. நர்ஸ் ஃபோன் பண்ணித்தான் எனக்கே தெரியும்."

மருந்து ஏற்றாத அந்த நாட்களுக்கெல்லாம் இப்போது காப்பீடு செல்லுபடியாகும். மார்ச்சில் டார்லாவுக்கு எடுத்த ஸ்கேனில் நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. மறுபடி ஏற்ற ஆரம்பித்தும் கேட்கவில்லை. முன்பே தவறாமல் ஏற்றியிருந்தாலும் பரவியிருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதி வருடங்களை ஓட்டினேன்.

ஜூன் மாதம் லைல் வந்தார், டார்லாவின் பெயரை எடுக்கச் சொல்லி. தாள் எதுவும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் இறப்புச் சான்றிதழை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். நான் அதை விண்ணப்பத்தோடு சேர்த்துப் பின் அடிக்கும்வரை அவர் நகரவில்லை.