முகவரி இல்லாத படம்

காலை ஒன்பதே முக்காலுக்குத் தேர்வு இணைப்பு தானாகவே அறுந்தது. இருபத்துமூன்றே முக்கால் மணி நேரம் கேமரா வழியாக என்னைக் கண்காணித்தவர், தேர்வு முடிந்தது என்று ஒரு வரி தட்டிவிட்டுப் போய்விட்டார். எழுபது மதிப்பெண் கையில் இருந்தது. தேர்ச்சிக்குத் தேவை எழுபது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்த ஒரு நாள் தேர்வை எழுதுவது எனக்கு மூன்றாவது முறை. அனுமதியோடு நிறுவனங்களின் கணினிகளுக்குள் நுழைந்து, எங்கே ஓட்டை என்று எழுதிக் கொடுக்கும் வேலைக்கான தேர்வு இது. கேள்வித்தாள் கிடையாது. எங்கோ இருக்கும் சில கணினிகளை, அதாவது மெஷின்களை, இணைப்பு வழியாகக் கொடுப்பார்கள். உள்ளே நுழைந்து, ஒளித்து வைத்திருக்கும் குறியீட்டை எடுக்க வேண்டும். முடிந்த பிறகு அடுத்த இருபத்துநான்கு மணி நேரத்தில், செய்ததையெல்லாம், திரையில் தெரிந்ததைப் பிடித்த படங்களோடு அறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் இதே வேலையைச் செய்யும் சோதனைக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. நான் ஹெல்ப்டெஸ்க்கில் மூன்று வருடமாகக் கடவுச்சொல் மறந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். மானிட்டரை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு என்று அழுதவர்களும் உண்டு. அந்த இருக்கையை விட்டு எப்படியாவது எழுந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அதே இடத்துக்கு என் பக்கத்து இருக்கைக்காரனும் விண்ணப்பித்திருந்தான். அவனுக்கு நான் வைத்த பட்டப்பெயர் படிக்கட்டு. போன வருடம் கேண்டீனில் அவன் போட்ட திட்டம் அப்படி.

"முதல்ல நெட்வொர்க், லினக்ஸ் அடிப்படை. அப்புறம் ஆரம்பக்காரங்களுக்கான சின்ன டெஸ்ட், அதுல ரிப்போர்ட் கிடையாது. அடுத்தது அஞ்சு நாள் டெஸ்ட், ரெண்டு நாள் ரிப்போர்ட். கண்டுபிடிச்சத வாயாலயும் சொல்லணும். அதெல்லாம் பழகினப்புறம்தான் ஒரு நாள் டெஸ்ட்."

"வேலை விளம்பரத்துல எல்லாம் அந்த ஒரு நாள் டெஸ்டத்தான கேக்கறாங்க?"

"கேப்பாங்க. அங்க கடிகாரம் ஓடும். நுழையறதையும் எழுதறதையும் அங்க போயா கத்துக்கிறது?"

"நீ படியேறி முடிக்கறதுக்குள்ள நான் மொட்டை மாடியில துணி காயப்போட்டிருப்பேன்" என்றேன். மேஜையே சிரித்தது. அவனும் சிரித்தான் என்பதுதான் இப்போது நினைத்தால் எரிகிறது.

அன்று இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, அறிக்கை எழுத உட்கார்ந்தேன். கையில் நூற்றுநாற்பது படங்கள். எதற்கும் பெயர் இல்லை. எது முதலில் எடுத்தது, எது எந்த மெஷின் என்று பிரிப்பதற்குள் மதியம் போய்விட்டது. தேர்வு நடக்கும்போதே படங்களைப் பெயரிட்டு ஒழுங்காக எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு இருந்ததே இல்லை. பயிற்சிக்காக வீட்டில் தொண்ணூறு மெஷின்களின் காவலை உடைத்து உள்ளே போயிருக்கிறேன். ஒன்றுக்குக்கூட அறிக்கை எழுதியதில்லை. குறியீடு கிடைத்ததும் அடுத்ததற்குத் தாவிவிடுவேன்.

மாலையில் அக்கா வேலை முடிந்து வந்தாள். வாகனக் காப்பீட்டில் சேதத்தை மதிப்பிடுவது அவள் வேலை. நசுங்கிய கார்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து, கல்யாண ஆல்பத்தையே சந்தேகமாகப் புரட்டுகிறவள். எழுத்துப் பிழை பார்க்கத்தான் அவளை உட்கார வைத்தேன். பதினேழாம் பக்கத்தில் நின்றாள்.

"இது எந்த மெஷின்?"

"ரெண்டாவது."

"அது நீ சொல்ற. படத்துல எங்க இருக்கு? மத்த படத்துலல்லாம் குறியீட்டுக்குக் கீழ ஏதோ நம்பர் இருக்கே."

குறியீடும், அந்த மெஷினின் அடையாள எண்ணான ஐபி முகவரியும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்பது தேர்வு விதி. இல்லாவிட்டால் அந்தப் பத்து மதிப்பெண் கிடையாது. அந்த மெஷினுக்குள் நுழைந்த சந்தோஷத்தில் குறியீட்டைத் திறந்தேன், படம் எடுத்தேன், ஓடிவிட்டேன். முகவரியைக் காட்டும் கட்டளை ஒரே ஒரு சொல். அதைத் தட்டவில்லை.

"திரும்பப் போயி எடுத்துக்கோயேன்."

"கதவ மூடிட்டாங்கக்கா. காலையிலயே."

நூற்றுநாற்பது படங்களையும் மறுபடி பார்த்தேன். இல்லை. பிறகு வேறொரு படத்திலிருந்து முகவரி வரியை வெட்டி, எண்ணை மாற்றி, அந்த இடத்தில் ஒட்டிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள்.

"கார் படத்துல வேற நம்பர் பிளேட்ட ஒட்டி அனுப்பறவங்க நாலு பேரு தெனமும் வராங்க" என்றாள். "எல்லாருக்குமே கச்சிதமா ஒட்டிட்டோம்னு நெனப்பு."

அந்தப் படத்தை மூடினேன். நேர்மை பொங்கி வழிந்து மூடவில்லை. பிடிபட்டால் இந்தத் தொழிலிலேயே என்னை யாரும் உள்ளே விடமாட்டார்கள். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைய அனுமதி வாங்கிப் பிழைக்கிற தொழிலில், பொய்ப்படம் ஒட்டியவளுக்கு யார் சாவி கொடுப்பார்கள்? கோபத்தில் அக்காவிடம் கத்தினேன். அவள் கண்டுபிடித்ததுதான் குற்றம் என்பதுபோல. அவள் எழுந்து போய்ச் சோறு வடித்தாள். நான் உள்ளதை உள்ளபடி எழுதி, தோற்கப்போகிறேன் என்று தெரிந்தே அனுப்பினேன்.

எட்டாம் நாள் பதில் வந்தது. தேர்ச்சி இல்லை.

மறுநாள் நேர்காணல். சோதனைக் குழுவின் தலைவி என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை, தேர்வைப் பற்றி வருத்தப்படவும் இல்லை. "பாஸ் ஆகலன்னா பரவாயில்ல" என்றார். "நீங்க எழுதின ரிப்போர்ட் ஒண்ணு காட்டுங்க."

"மூணு எழுதியிருக்கேன் மேடம். ஆனா தேர்வு ரிப்போர்ட்ட யாருக்கும் காட்டக் கூடாதுன்னு விதி."

"தெரியும். பயிற்சி மெஷின் ஏதாவது ஒண்ணுக்கு எழுதினது?"

தொண்ணூறு மெஷின்கள் கண்முன் வரிசையாக வந்து நின்றன. ஒன்றின் கையிலும் காகிதம் இல்லை.

"எங்க கஸ்டமருக்கு நீங்க உள்ள போனது தெரியாதும்மா. ரிப்போர்ட்தான் தெரியும்" என்றார் தலைவி. அவ்வளவுதான் நேர்காணல்.

இடம் படிக்கட்டுக்குக் கிடைத்தது. அந்த ஒரு நாள் தேர்வை அவன் இன்னும் எழுதவே இல்லை. இரண்டாம் படியில்தான் நிற்கிறான். பயிற்சி மெஷின்களுக்கு எழுதிய மூன்று அறிக்கைகளைப் பையில் கொண்டுபோயிருக்கிறான். இருக்கையைக் காலி செய்யும்போது என்னிடம் வந்தான். ஏதாவது குத்திச் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"என் நோட்ஸ் வேணுமா?" என்றான்.

"துணி இன்னும் வாளியிலதான் இருக்கு. குடு" என்றேன்.

சனிக்கிழமை, ஆரம்பக்காரர்களுக்கான பயிற்சி மெஷின்களிலேயே சுலபமானதை எடுத்தேன். உடைக்கப் பதினைந்து நிமிடம். எழுத ஆறு மணி நேரம். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், ஒவ்வொரு கட்டளையும் இன்னொருவர் தட்டினால் வேலை செய்யும்படி, ஓட்டையை அடைக்க என்ன செய்ய வேண்டும் என்பது வரை. மூன்று முறை பெரிய தேர்வு எழுதியவள் இதைச் செய்கிறேனே என்று ஒவ்வொரு பக்கத்திலும் பல்லைக் கடித்தேன்.

பதினோரு பக்கத்தை அக்காவின் முன் வைத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நசுங்கிய காரைப் பார்க்கிற முகத்தோடு படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் குறியீட்டுப் படம். அதன்மேல் விரலை வைத்து, கீழே இருந்த முகவரியை ஒவ்வோர் எண்ணாக வாய்க்குள் படித்து, முதல் பக்கத்துக்குத் திரும்பி ஒத்துப் பார்த்தாள்.

"இத நான் பாஸ் பண்ணுவேன்" என்றாள்.

அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்து, படிக்கட்டு சொன்ன அந்தச் சின்னத் தேர்வுக்குப் பதிவு செய்தேன்.