ஐம்பது மூட்டை குறைகிறது

"ஐம்பது மூட்டை தீவனம் எங்கய்யா? கால் முளைச்சுப் போயிடுச்சா? திருட்டுப் பய!"

முதலாளியின் மருமகன் கிடங்குக்காரரைப் பார்த்துக் கத்தியது லாரிக்காரர்கள் வரை கேட்டது. வாங்கியது பத்து டன். கணினி இருப்பில் அது பத்தாயிரம் கிலோ என்று பதிவாகியிருந்தது. விற்பனையோ மூட்டைக் கணக்கில். மூட்டைக்கு நாற்பது கிலோ என்று வகுத்து, கணினி இருநூற்றைம்பது காட்டியது. கிடங்கில் இருந்ததோ இருநூறு.

திருடன் என்ற பெயரோடு போனால் வேறெந்தக் கிடங்கும் சேர்க்காது. கிடங்குக்காரர் ஒரு மூட்டையை இழுத்துவந்து தராசில் போட்டார். முள் ஐம்பதில் நின்றது.

"போன மாசம் தீவனக் கம்பெனியை மாத்தினது நீங்கதானே? இவங்க மூட்டை ஐம்பது கிலோ. கணினியில பழைய நாற்பதையே விட்டுட்டீங்க."

"தராசு கெட்டுப்போயிருக்கும்."

"ஏறி நில்லுங்க, பார்த்துடலாம்."

மருமகன் ஏறவில்லை.

"ஐம்பதுன்னு மாத்திடுங்க மாப்பிள்ளை," என்றார் சத்தம் கேட்டு வந்து நின்ற முதலாளி. கிடங்குக்காரரிடம் திரும்பி, "நீ போய் லோடு ஏத்து."

"எல்லார் முன்னாடியும் திருடன்னாரே?"

"அதான் கணக்கு சரியாப் போச்சுல்ல. இன்னும் என்ன?"

கிடங்குக்காரர் சாவிக்கொத்தைத் தராசில் கிடந்த மூட்டைமேல் எறிந்துவிட்டு வெளியேறினார். தராசு முள் அசையக்கூட இல்லை.