ஆரம்பநிலை ராக்கெட்

அந்த ஊரில் இறகுப்பந்து ஆடுகிறவர்களில் ஒருவர்கூட ஆரம்பநிலை கிடையாது. நேற்று மாலை முதன்முதலாக ராக்கெட்டைத் தொட்டவர்கூட இன்று காலை இடைநிலைக்கு வந்துவிடுகிறார். விளையாட்டுச் சாமான் கடையில் ‘வர்ணனை மேடம்’ என்று பெயர் வாங்கியிருந்தவளுக்கு, வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இது விளங்கிவிட்டது.

கடையின் இணையதளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே நாலு வரி எழுதுவதுதான் அவள் உத்தியோகம். என்ன எடை, எதனால் செய்தது, யாருக்கு ஏற்றது. எடையையும் பொருளையும் வாங்குகிறவர்கள் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படிப்பார்கள். ‘யாருக்கு ஏற்றது’ என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணாடி பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அதில் தெரியும் முகம் பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

இதனால் கிடங்கில் ஒரு நல்ல ராக்கெட் ரகம் நீலத்திலும் கறுப்பிலும் கேட்பாரற்றுக் கிடந்தது. எழுபத்தெட்டு கிராம். முழுக்க கார்பன். பாரம் தலைப்பக்கமும் சாயாமல் பிடிப்பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கும். தண்டு நன்றாக வளைந்து கொடுக்கும் என்பதால் மெதுவாக வீசினாலும் ஷட்டில் கடைசிக் கோடு வரைக்கும் போய் விழும். நரம்பும் தளர்வாகக் கட்டியது. தோளுக்கு இதைவிட இதமானது கடையில் வேறு இல்லை. இத்தனையும் எழுதிவிட்டு, கடைசியில் ‘ஆரம்பநிலை’ என்று ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்து அவள் அதற்குச் சமாதி கட்டியிருந்தாள்.

“அந்த வார்த்தைய எடுத்துடும்மா. வியாபாரத்துக்கு ஆகாது” என்றார் முதலாளி.

“உண்மை அதுதானே சார்?”

“உண்மையப் போட்டா யாரு வாங்குவா?”

அவள் பிடிவாதமாக எடுக்காமல் இருந்தாள். கொள்கை. வீட்டில் பிரச்சினை வராதவரை யாருக்கும் கொள்கை இருக்கும்.

வீட்டில் ஒருவர் இருந்தார். வாரம் முழுக்க ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் நிமிர்ந்துவிடும் கணவர். அவர் கையில் இருந்ததோ எண்பத்தெட்டு கிராம், தலைப்பக்கம் பாரம், இரும்புக்கம்பிபோல விறைத்த தண்டு, விண்ணென்று இழுத்துக் கட்டிய நரம்பு. மின்னல் வேகத்தில் கையை வீசத் தெரிந்தவனுக்கு அது ஆயுதம். மற்றவர்கள் வீசினால், ஷட்டிலுக்குப் போகவேண்டிய அடியில் பாதியைத் தோளே வாங்கிக்கொள்ளும். அவர் தோள் பல மாதமாக வாங்கிக்கொண்டிருந்தது. சட்டை போடும்போது “அம்மா” என்றார். தலை சீவும்போதும் அம்மாவையே கூப்பிட்டார். பெற்றவள் இருந்த காலத்தில் இவ்வளவு தடவை கூப்பிட்டதாக நினைவில்லை.

பிசியோதெரபிஸ்ட் தோளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னாள். “ராக்கெட்ட மாத்துங்க. இல்லன்னா ஆட்டத்தையே விட்டுடுங்க. இதுக்கு மேல கிழிஞ்சா ஆபரேஷன்தான்.”

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தன் கடைப் பக்கத்தைத் திறந்து அந்த நீலநிற ராக்கெட்டைக் காட்டினாள். அவர் எடையைப் படித்தார். பொருளைப் படித்தார். பிறகு முகம் சிவந்தது.

“ஆரம்பநிலையா? என்னைப் பாத்தா ஆரம்பநிலை மாதிரியா இருக்கு?”

“தோளப் பாத்துதாங்க சொல்றேன்.”

“உங்க அத்தான் முன்னாடி இத எடுத்துட்டுப் போயி நிக்கச் சொல்றியா?”

அத்தான் என்பவர் அவள் அக்காவின் கணவர், ஞாயிறுதோறும் எதிர்ப்பக்கம் நிற்கிறவர். அவரிடம் இரண்டு பெரிய ராக்கெட்டுகளும் அவற்றைவிடப் பெரிய வாயும் உண்டு. அந்த வாய்க்குப் பயந்து தோளைப் பலிகொடுக்க இவர் தயாராக இருந்தார். ஆண்கள் வீரம் என்று சொல்வது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

மறுநாள் கடையில் அவள் கொள்கையை மடித்து மேசை ஓரமாக வைத்தாள். எடையைத் தொடவில்லை, பொருளைத் தொடவில்லை. நீலத்துக்குப் பதிலாகக் கறுப்பு நிறத்தின் படத்தை முன்னால் போட்டாள். ‘ஆரம்பநிலை’யை அழித்துவிட்டு இப்படி எழுதினாள்: ‘கையின் பலத்தை நம்பாமல் ஆட்டத்தைப் படித்து ஆடுகிறவர்களுக்கு. எதிராளி அடிப்பதற்கு முன்பே ஷட்டில் எங்கே வரும் என்று அறிந்து, அவசரப்படாமல் அங்கே போய் நிற்கிறவர்களுக்கு. நிதானமும் கண்ணும் உள்ளவர்கள் கையில் இது பேசும்.’ எழுதும்போது யாரை நினைத்துக்கொண்டாள் என்று அவளே கவனிக்கவில்லை.

அன்று மாலை மடிக்கணினியைத் திறந்தபடியே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவர் திரைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“கறுப்புல ஒண்ணு எடுத்துட்டு வா” என்றார்.

அவர் மட்டுமா? ஊரில் தொப்பை விழுந்த நிதானசாலிகள் அத்தனை பேரும் எடுத்துக்கொண்டார்கள். கிடங்கு காலியானது. முதலாளி பூரித்துப்போய், “இதே மாதிரி ஸ்கிப்பிங் கயித்துக்கும் எழுதும்மா” என்றார். நிதானமும் கண்ணும் உள்ளவர்கள் கயிற்றில் எப்படிக் குதிப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை.

கணவரின் தோள்வலி மெல்ல மெல்ல அடங்கியது. வலைக்கு அந்தப்பக்கம் ஷட்டிலை நைஸாக இறக்கிவிட்டு அத்தானை ஓடவிட்டார். அத்தான் மூச்சிரைக்க ஓடிவந்து தரையைத்தான் அடித்தார்.

அப்புறம் ஒரு ஞாயிறு வந்தது. அவளும் அரங்கத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அத்தானின் மகள் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தாள். அத்தான் மகளுடைய ராக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லாட்டரி விழுந்தவர்போல உள்ளே நுழைந்தார்.

“எல்லாரும் பாருங்கப்பா! புதுசா சேர்ற புள்ளைங்களுக்குக் கோச் மொத நாள் கையில குடுக்கறது இது. ஆரம்பநிலையாம்! நம்ம நிதான புருஷர் வச்சிருக்காரே, அதேதான்! கலர் மட்டும் வேற!”

அரங்கம் சிரித்தது. போச்சு, பழைய ராக்கெட் பரணிலிருந்து இறங்கிவிடும், தோள் கிழியும், எல்லாம் தன் எழுத்தின் லட்சணம் என்று அவள் நொந்துகொண்டாள்.

கணவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பெஞ்சுக்கு வந்தார்.

“மன்னிச்சிடுங்க. நான்தான்...”

“தெரியும்.”

“எப்போ தெரியும்?”

“வாங்குறப்பவே. அதே எடை, அதே கார்பன். எனக்குப் படிக்கத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா வாங்குனீங்க?”

அவர் நரம்பை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். “கீழ எழுதியிருந்தது என்னைப் பத்தின்னு தோணுச்சு. கல்யாணமாகி இத்தன வருஷத்துல நீ என்னைப் பத்தி ஒரு வார்த்த நல்லதா சொன்னதில்ல. ராக்கெட் சாக்குலயாவது சொன்னியேன்னு எடுத்துக்கிட்டேன். அது சும்மா யாவாரத்துக்கு எழுதுனதுன்னா இப்பவே சொல்லிடு.”

பார்க்காத பந்துக்கும் போடாத காலுறைக்கும் புகழ்மாலை தொடுக்கிற வர்ணனை மேடம் முதன்முறையாகப் பார்த்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

“யாவாரத்துக்கு இல்லங்க” என்றாள். “உங்கள நெனச்சுதான் எழுதுனேன். நீங்க ஆடறது அழகா இருக்கும். எப்பவுமே இருந்துச்சு.”

அவர் காது நுனிவரை சிவந்தது. எதிர்ப்பக்கம் அத்தான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். இவர் அந்தப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என் ஸ்மாஷ்? அந்த ஓங்கின அடி?” என்று கேட்டார்.

“அதப் பத்தி நான் ஒண்ணும் எழுதல.”

“சரி” என்று எழுந்தார். ஆரம்பநிலை ராக்கெட்டை எல்லார் கண்ணிலும் படும்படி தோளில் சாய்த்துக்கொண்டு ஆடப் போனார்.