மூன்று, இரண்டு, ஒன்று

வெல்டருக்கு, வேலைக்கு வந்த அந்த நாட்டின் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நட்சத்திரக் குறி போட்டு டயல் செய்தால் திரையில் மெனு வரும். மூன்று, பிறகு இரண்டு, உறுதிசெய்ய ஒன்று என்று அனுப்பினால் நெட் பேக் வந்துவிடும். நான்கு வருடமாக அவனுக்கு அதுதான் படிப்பு. எழுத்துக் கற்றுத்தருவதாக, அதே சைட்டில் வேலை பார்க்கும் நம்மூர்க் கிரேன்காரர் தலைகீழாக நின்று பார்த்தார். "நம்பர் தெரிஞ்சா போதும்ணே" என்று மழுப்பிவிட்டான்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம். ஊரில் அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோக இருந்தார்கள். அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. வீடியோவில் இவன் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். பேலன்ஸ் பார்த்தான். ஒரு பேக்குக்குத்தான் தேறும். மூன்று, இரண்டு, ஒன்று. பணம் போய்விட்டது, நெட் வரவில்லை.

வந்த மெசேஜைக் கிரேன்காரரிடம் நீட்டினான்.

"அட கூறுகெட்டவனே! மெனுவையே மாத்திட்டானுங்க. நெட்டு இப்ப நாலாவதுல இருக்கு. நீ வாங்கினது உள்ளூர்ல பேசுற பேக்கு, ஐந்நூறு நிமிஷம்."

"உங்க போன்ல..."

"என்னது பட்டன் போன்டா."

ரீசார்ஜ் கடை டவுனில். சாயங்காலம்வரை சைட்டை விட்டு நகர முடியாது. அதற்குள் ஊரிலிருந்து தங்கையே சாதாரண போன்காலில் கூப்பிட்டாள்.

"போனையே பாத்துக்கிட்டு இருந்துச்சுண்ணா. இப்பதான் உள்ள கொண்டுபோனாங்க."

கையில் ஐந்நூறு நிமிடப் பேச்சு இருந்தது. அந்த நாட்டில் அவன் பேசக்கூடிய ஒரே மனிதர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.